பூஜ்யத்தின் இடப்பக்கம்

ஒரு கணக்கால் ஹைதராபாத் அமீர்பேட் கோச்சிங் சென்டரில், அதிக மதிப்பெண் எடுப்பவர்களின் மேல் பேட்சிலிருந்து மகளை இறக்கிவிடுவார்களோ என்று பிள்ளையாருக்கு விளக்கேற்றியிருந்தேன். x பூஜ்யத்தை நெருங்கும்போது, e அடுக்கு −1/x எதை நெருங்கும்? தேர்வில் அவள் "பூஜ்யம்" என்று எழுதிவிட்டாள்.

"லிமிட்டே கிடையாதும்மா. ரெண்டு பக்கத்திலிருந்தும் ஒரே விடை வந்தாத்தான் லிமிட். வலதுபக்கம் மட்டும் பார்த்துட்டேன்."

"ஒரு பக்கம் மட்டும் பார்த்துட்டா ரோட்டைக் கடப்பே?"

அவள் சிரிக்கவில்லை. கைபேசியில் கணக்குப் போட்டாள். "x 0.1-ன்னா அடுக்கு மைனஸ் பத்து. விடை கிட்டத்தட்ட பூஜ்யம். மைனஸ் 0.1-ன்னா ரெண்டு மைனஸும் சேர்ந்து அடுக்கு ப்ளஸ் பத்து." திரையில் இருபத்திரண்டாயிரம் வந்தது. "இன்னும் கிட்டப் போனா எல்லையில்லாம ஏறும்."

மறுநாள் கீழ் பேட்ச் பட்டியலில் அவள் பெயர் இருந்தது. பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். பிள்ளையார் விளக்கின் முன்னால் இனி என்ன கேட்பதென்று தெரியாமல் நின்றேன்.