கிழமைக்கு ஒருநாள் பத்தியம்

என் மனுசனின் விரல் நிமிர்ந்த கதை இரண்டு விதமாக ஊரில் உலாவியது. கோயிலில் கேட்டால் டொக்டரின் குளிசைதான் நிமிர்த்தியது என்பார். ஆஸ்பத்திரியில் கேட்டால் எங்கள் கோயில் அந்தோனியாரின் புதுமை என்பார். இரண்டையும் சொன்னது ஒரே வாய்தான். அந்த வாயோடு நான் இத்தனை வருசம் குடும்பம் நடத்தியிருக்கிறேன், எனக்குத்தான் முதலில் ஒரு சுரூபம் வைக்க வேண்டும்.

நாங்கள் இந்தியாவில் முகாமில் இருந்துவிட்டுச் சண்டை முடிந்த பிறகு தீவுக்குத் திரும்பி வந்தவர்கள். வீடு இருந்த இடத்தில் உடைமரம் நின்றது. தகரத்தைப் போட்டு ஒரு கொட்டில் அடித்தோம். கரையில் அப்போதுதான் மறுபடியும் தொழில் தொடங்கியிருந்தது. நிவாரணமாகக் கிடைத்த படகு இஞ்சின்கள் ஒன்றுக்குப் பின் ஒன்றாகப் பழுதாகி எங்கள் முற்றத்துக்கு வந்தன. இவருக்கு இஞ்சின் வேலை தெரியும். காதை வைத்துக் கேட்டே இஞ்சினுக்கு என்ன வருத்தம் என்று சொல்லுவார். சோறு போட்டது அந்த முற்றம்தான்.

பிறகு அவருடைய விரல்கள் வீங்கத் தொடங்கின. காலையில் எழும்பினால் இரண்டு கையும் மடங்கியே இருக்கும். ஸ்பனர் பிடிக்க முடியாது, சேட்டுக்குத் தெறி பூட்ட முடியாது. நான்தான் பள்ளிக்கூடப் பிள்ளைக்குப் பூட்டுவதுபோல ஒவ்வொரு தெறியாகப் பூட்டிவிடுவேன். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு நிற்பார். இஞ்சின்காரர் வேறு ஆளைத் தேடிப் போனார்கள். அந்த நாட்களில் நான் அரிசியை எண்ணி உலையில் போட்டேன்.

அந்த வருசத் திருநாளில் அந்தோனியார் சுரூபத்துக்கு முன்னால் முழங்காலில் நின்று, சனம் எல்லாம் கேட்க நேர்த்தி வைத்தார். "அந்தோனியாரே, என்ர விரலைத் தாரும். நான் இனிக் குடியைத் தொடமாட்டன்." பக்கத்தில் நின்ற பெண்கள் அழுதார்கள். நானும்தான் அழுதேன், விசரி.

அதே மாதம் பெரியாஸ்பத்திரி கிளினிக்கில் அது மூட்டுவாதம் என்று கண்டுபிடித்து ஒரு குளிசை கொடுத்தார்கள். கிழமைக்கு ஒருநாள் மட்டும் போட வேண்டியது. தவறி ஒவ்வொரு நாளும் போட்டால் உயிருக்கே ஆபத்து என்று டொக்டர் திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்பியிருந்தார். குடிக்கவே கூடாது என்றும், ஈரலைப் பார்க்க அடிக்கடி இரத்தம் சோதிக்க வேண்டும் என்றும் சொன்னாராம். இவர் வெள்ளிக்கிழமையைத் தெரிந்தெடுத்தார். ஆண்டவர் பாடுபட்ட நாள், மறக்காது என்றார். எவ்வளவு பக்தி என்று நினைத்தேன்.

கொஞ்ச மாதத்தில் வீக்கம் வற்றியது. விரல்கள் நிமிர்ந்தன. முற்றத்தில் மறுபடியும் இஞ்சின்கள் இருமின. இரத்தமும் சுத்தமாக இருந்தது, ஏனென்றால் அதுவரை மனுசன் நேர்த்தியைக் காப்பாற்றினார்.

பிறகு பனையில் கள்ளு இறங்கும் காலம் வந்தது.

முதல் நாள் வாயைத் துடைத்துக்கொண்டு வந்தவரை வாசலிலேயே மறித்தேன்.

"என்ன இது? அந்தோனியாருக்கு என்ன சொன்னனீங்கள்?"

"விரலை நிமிர்த்தினது குளிசையப்பா. அந்தோனியார் நிமிர்த்தியிருந்தால்தானே நேர்த்தி? செய்யாத வேலைக்கு ஆரும் கூலி குடுப்பினமோ?"

"சரி. டொக்டர் குடிக்கவேண்டாம் எண்டு சொன்னதுக்கு?"

"இஞ்சேரும், கிழமைக்கு ஒருநாள் போடுற குளிசைக்குக் கிழமைக்கு ஒருநாள்தானே பத்தியம்? வெள்ளிக்கிழமை நான் தொடுறேல்ல. பிறகு, கள்ளு என்ன சாராயமே? பச்சைத்தண்ணிபோல. உடம்புக்குக் குளிர்ச்சி."

எங்கள் ஊரில் பத்தியம் என்றால் எல்லோருக்கும் விளங்கும். மருந்து உள்ள நாளில் கத்தரிக்காய் தின்னாதே, கணவாய் தின்னாதே, மருந்து முடிந்தால் பத்தியமும் முடிந்தது. அந்தக் கணக்கை இங்கிலீசு மருந்துக்கும் போட்டுவிட்டார். கத்திப் பார்த்தேன். சோறு போடாமல் பார்த்தேன். அவர் கள்ளுத் தவறணையில் பொரித்த மீனும் சாப்பிட்டுவிட்டு வந்தார். சனி முதல் வியாழன் வரைக்கும் பின்னேரமானால் ஆளைக் காணமுடியாது. வெள்ளிக்கிழமைகளில் மட்டும் வானத்திலிருந்து இறங்கிய ஒரு சம்மனசு என் வீட்டில் தேத்தண்ணி குடித்துக்கொண்டு இருந்தது.

கிளினிக்குக்கு அவர் எப்போதும் தனியாகத்தான் போவார். ஒருநாள் திரும்பி வந்தவரின் முகம் கறுத்திருந்தது. இரத்தத்தில் ஈரல் சரியில்லையாம், மறுபடியும் சோதித்துவிட்டு வீட்டுக்காரியையும் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார்களாம்.

"நீர் வந்து சும்மா இருந்தால் போதும்," என்றார். சும்மா இருக்கவா நான் பிறந்தேன்?

அன்று கிளினிக் விறாந்தையில் ஒரே சனம். மூட்டு வருத்தக்காரருக்கும் தோல் வருத்தக்காரருக்கும் இருக்க ஒரே வாங்குகள்தான். இடம் தேடிப் போனால், ஓரத்து வாங்கில் எங்கள் பங்குச் சுவாமியார் இருக்கிறார்! என் மனுசன் அப்படியே திரும்பி நடக்கப் பார்த்தார். நான் சேட்டைப் பிடித்து இழுத்து இருத்தினேன்.

சுவாமியார் அங்கியின் கையை முழங்கைக்கு மேலே சுருட்டிக் காட்டினார். தோல் சிவந்து, வெள்ளையாகச் செதிள் உரிந்துகொண்டிருந்தது. சொரியாசிஸ் என்றார்.

"கிழமைக்கு ஒருக்காப் போடுற குளிசை தந்திருக்கினம். உமக்கும் அதுதானே?"

"ஓம் பாதர்," என்றார் இவர், நிலத்தைப் பார்த்தபடி.

"நீர் குடுத்துவைச்சவர். நேர்த்தி வைச்சுக் குடியை விட்டிட்டீர். என்ர பாட்டைப் பாரும், நான் ஒவ்வொரு நாளும் காலமை பூசையில வைன் குடிக்கவேணும். பயந்துபோய், எத்தனை மிடறு எண்டு முதல் நாளே டொக்டரிட்டச் சொல்லிப்போட்டன். அவ கேட்டிட்டு, உதட்டில படுற அளவு ஒரு மிடறு பரவாயில்லை, அதுக்கு மேல வேண்டாம், பெருநாள் விருந்திலயும் தொடாதேங்கோ எண்டா. நானும் விட்டிட்டன்."

எனக்கு வந்த சிரிப்பைச் சீலைத் தலைப்பால் மூடிக்கொண்டேன். ஊருக்கே பாவசங்கீர்த்தனம் கேட்கிறவர், ஒரு மிடறு வைனுக்காக டொக்டரிடம் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்திருக்கிறார். எங்கள் வீட்டுத் துரையோ கள்ளு முட்டிக் கணக்கில் குடித்துவிட்டு, வாயைத் திறக்காமல் இருக்கிறார். அவருடைய காது மடல் சிவந்துபோயிருந்தது.

உள்ளே கூப்பிட்டார்கள். டொக்டர் இளம் பெண். இரத்த முடிவைப் பார்த்துவிட்டுப் பேனையை மேசையில் வைத்தார்.

"ஐயா, ஈரல் கணக்கு இந்த முறை இன்னும் கூடிப்போச்சு. குடிக்கிறேல்ல எண்டு சொன்னனீங்கள். மஞ்சட்காமாலைக் கிருமிக்கும் சோதிச்சுப் பார்த்தம், அதுவும் இல்லை. அப்ப குளிசைதான் உங்கட ஈரலுக்கு ஒத்துவரேல்ல. இதை ஒரேயடியா நிப்பாட்டவேணும்."

"வேற குளிசை?" என்று நான் கேட்டேன்.

"நான் மாத்தித் தர யோசிச்ச மற்றதும் ஈரலைத்தான் தாக்கும் அம்மா. இந்த ஈரலோட அதையும் குடுக்கேலாது. விரல் திரும்ப மடங்காமல் இருக்க என்ன செய்யலாம் எண்டு பெரிய டொக்டரிட்டத்தான் கேக்கவேணும்."

மடங்கிய விரல்களும், வெறும் முற்றமும், கூரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிற மனுசனும் என் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றார்கள். வாயைத் திறந்தேன். மேசைக்குக் கீழே அவர் என் காலை மிதித்தார். மிதிக்கிற காலை நான் மற்றக் காலால் மிதித்தேன். டொக்டர் மேசை ஆடுகிறதைப் பார்த்தார்.

பிறகு இவர் மெல்லிய குரலில் கேட்டார்.

"டொக்டர்... கள்ளும் குடியோ?"

டொக்டர் மேசையில் வைத்த பேனையைத் திரும்ப எடுத்தார்.

"எப்ப குடிப்பீங்கள்?"

"பின்னேரத்தில மட்டும்."

"எந்த நாளில?"

"வெள்ளிக்கிழமை தொடவே மாட்டன்," என்றார், ஏதோ பதக்கம் குத்தப் போகிறார்கள்போல.

டொக்டர் பத்தியக் கணக்கை முழுவதும் கேட்டார். சிரிக்கவில்லை, அது எனக்குப் பிடித்தது. "ஐயா, குளிசை போடுறதுதான் ஒருநாள். அது உடம்புக்குள்ள கிழமை முழுக்க வேலை செய்யுது. ஈரலுக்கு அதுவே ஒரு பாரம். கள்ளோ, சாராயமோ, பியரோ, எல்லாத்திலயும் இருக்கிற மது ஒண்டுதான். அதையும் தாங்கச் சொன்னால் ஈரல் கொஞ்சங் கொஞ்சமாத் தழும்பேறி இறுகிப்போகும். நோகாது. நோகேக்குள்ள காலம் கடந்திடும். நீங்கள் உண்மையைச் சொல்லாட்டி உங்களுக்கு உதவுற மருந்தைக் குற்றம் சொல்லி நான் எறிஞ்சிருப்பன்."

முடிவு இதுதான்: இப்போதைக்குக் குளிசையும் இல்லை, கள்ளும் இல்லை. சில கிழமை கழித்து மறுபடியும் இரத்தச் சோதனை. ஈரல் ஆறி இருந்தால் குளிசை திரும்பக் கிடைக்கும். ஆறாவிட்டால் இல்லை.

வெளியே வந்தபோது சுவாமியார், "என்னவாம்?" என்று கேட்டார்.

"பாதர், விரலை நிமிர்த்தினது அந்தோனியார்தான். நேர்த்தி நேர்த்திதான்," என்றார் இவர். சுவாமியார் ஒன்றும் விளங்காமல் ஆசீர்வதித்தார்.

அந்தக் கிழமைகள் பொல்லாதவை. குளிசை இல்லாமல் விரல்கள் மறுபடியும் வீங்கின. வந்த இஞ்சின்களை விட மனமில்லாமல் என்னை வேலைக்குப் பிடித்தார். அவர் பலகைக் கட்டையில் இருந்து கட்டளை போட, நான் சீலையைச் செருகிக்கொண்டு நட்டுக் கழற்றினேன். "இடப்பக்கம்! உம்மட இடப்பக்கமில்ல, இஞ்சின்ர இடப்பக்கம்!" ஒருநாள் ஸ்பனரை அவர் காலடியில் போட்டுவிட்டு, இஞ்சினுக்கு இடம் வலம் இருந்தால் அதுக்கே தாலி கட்டியிருக்கலாமே என்றேன்.

ஒரு பின்னேரம் அவருடைய கூட்டாளி வந்தார், கையில் போத்தல் நிறையக் கள்ளு. வலிக்கு நல்லது என்று பாசத்தோடு கொண்டுவந்திருந்தார். ஊற்றிக் குடிக்கப் பனையோலையில் பிளாவும் மடித்து நீட்டினார். நான் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு குசினியிலிருந்து வந்தேன். இவர் பிளாவைப் பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார்.

"கொண்டுபோ அண்ணை."

"ஏன், இண்டைக்கு வெள்ளிக்கிழமையோ?"

"எனக்கு இனி எல்லா நாளும் வெள்ளிக்கிழமைதான்."

விளக்குமாற்றை என்ன செய்வதென்று தெரியாமல் முற்றத்தைக் கூட்டினேன்.

இரத்தம் சுத்தமாகி வந்தது. டொக்டர் குறைந்த அளவில் குளிசையைத் திரும்பத் தொடங்கினார். அது வேலை செய்ய நாள் பிடிக்கும் என்றும் சொல்லியிருந்தார். நாங்கள் காத்திருந்தோம். காலையில் நான் தெறி பூட்டுவதும் அவர் கூரையைப் பார்ப்பதுமாக நாட்கள் போயின.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வெளிக்கிட நேரமாகிவிட்டது. தெறி பூட்டிவிட ஓடி வந்தேன். அவர் ஏற்கெனவே சேட்டைப் போட்டுக்கொண்டு கண்ணாடிக்கு முன்னால் நின்றார். எல்லாத் தெறியும் பூட்டியிருந்தது. ஒன்று தள்ளிப் பூட்டியதில் சேட்டின் ஒரு பக்கம் உயர்ந்து, மறுபக்கம் தாழ்ந்து கிடந்தது.

"எப்பிடி?" என்று கேட்டார்.

என் வாய் எப்படிப்பட்ட வாய் என்று தீவு முழுக்கத் தெரியும். "வடிவா இருக்கு," என்றேன். திருத்திப் பூட்டாமல் கோயில்வரைக்கும் அப்படியே நடக்கவிட்டுக் கூட்டிக்கொண்டு போனேன்.