குறிஞ்சி வரிசையில் ஒரு காலிக் கட்டம்

சரசு பதினோராம் வகுப்புப் பரீட்சையில் தமிழில் தோற்றாள். கணக்கிலோ ஆங்கிலத்திலோ தோற்றிருந்தால் யாரும் வியந்திருக்க மாட்டார்கள். தமிழில், அதிலும் ஐந்திணையில் அவள் தோற்றது எங்கள் வகுப்பு முழுவதற்கும் அதிர்ச்சி. அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து படித்தவள் நான். இத்தனை வருடம் கடல் தாண்டி இருந்துவிட்டு எழுதுவதால் ஏதாவது விட்டுப்போகுமோ என்று பயமாக இருக்கிறது. அந்த அட்டவணை மட்டும் விட்டுப்போகவில்லை.

1975-ஆம் வருடம். திருவண்ணாமலையில் பெண்கள் பள்ளி. தமிழாசிரியை ராஜம்மாள் கரும்பலகையில் கோடு கிழித்துக் கட்டம் போட்டார். மலையும் மலை சார்ந்த இடமும் குறிஞ்சி. தொழில் தேன் எடுப்பது, தினை காப்பது. காடு முல்லை, ஆநிரை மேய்ப்பது. வயல் மருதம்; நெல் விளைவிப்பது. கடற்கரை நெய்தல், மீன் பிடிப்பது, உப்பு விளைவிப்பது. பாலைக்கு வழிப்பறி.

"அது தொழிலா டீச்சர்?" என்று சரசு கேட்டாள்.

"வெயில்ல காஞ்ச பூமியில வேற இன்னா பண்ணுவான்? உக்காரு."

பூவைப் பற்றிக் கவலையே இல்லை. திணையின் பெயரே பூவின் பெயர். கடைசிப் பத்தியில்தான் சிக்கல். உரிப்பொருள், அதாவது அந்தத் திணைக்கு உரிய மனநிலை. பாலைக்குப் பிரிதல், முல்லைக்கு இருத்தல், மருதத்துக்கு ஊடல், நெய்தலுக்கு இரங்கல் என்று எழுதிய டீச்சர், குறிஞ்சிக்கு நேராக வந்ததும் சாக்பீஸை மேசையில் வைத்துவிட்டார். பாடப்புத்தகத்திலும் அந்த வரியின்மேல் வெள்ளைத்தாள் ஒட்டச் சொல்லியிருந்தார்.

"அது நமக்கு வேணாம். விட்டுடுங்க."

பின்வரிசையில் சிரிப்பு. நாங்கள் விட்டுவிட்டோம். காலிக் கட்டத்தைப் பார்த்தால் சரசுவுக்குக் கை சும்மா இருக்காது.

அவள் வீடு அடி அண்ணாமலையில். வாசலில் நின்றாலும் கொல்லைப்புறம் நின்றாலும் மலைதான். பௌர்ணமிக்கு அம்மா மணியம்மாள் மலையைச் சுற்றி வருகிறவர்களுக்கு மோர் விற்பாள். மலை என்றால் அந்த வீட்டுக்கு ஒரே அர்த்தம், சாமி. "ஏதேனும் ஒரு திணையை விளக்குக" என்று கேள்வி வந்தபோது சரசு குறிஞ்சியை எடுத்துக்கொண்டு, உரிப்பொருள் பக்தி என்று எழுதினாள். அதோடு விட்டாளா? தீபம், கற்பூரம், கிரிவலம் என்று மூன்று பக்கம். தொழில் என்ற இடத்தில் மோர் விற்றலும் இருந்தது. அந்தக் கேள்விக்கு முட்டை விழுந்ததில் தமிழே போயிற்று.

முடிவு வந்த அன்று அவள் அப்பா அப்பாதுரை வேர்க்கடலைக் கொல்லையிலிருந்து மண் கையோடு வந்தார். அவர் கத்தவில்லை.

"அக்டோபர்ல இன்னொரு வாட்டி எழுது. அதுலயும் போச்சுன்னா தையில காசிக்கு உன்னைக் கட்டிக் குடுத்துடறேன். டீச்சர் ட்ரெய்னிங் பேச்சு அப்புறம் வரக்கூடாது."

காசி, கீழ்பென்னாத்தூரில் சைக்கிள் கடை வைத்திருந்த தாய்மாமன். சரசுவுக்கு அவன்மேல் வெறுப்பு கிடையாது. ஆனால் டீச்சர் ஆகாமல் அந்த வீட்டுக்குப் போக அவளுக்கு மனமில்லை.

அவள் மறுபடி படிக்க உட்கார்ந்த நேரத்தில்தான் அக்கா திரௌபதி பெட்டியோடு தாய்வீடு வந்தாள். அவள் புருஷன் சக்கரவர்த்தி லாரி டிரைவர். சித்திரை வெயிலில் பம்பாய்ப் பக்கம் லோடு ஏற்றிப் போனவன், மழைக்கு முன்னால் வந்துவிடுவேன் என்று சொல்லியிருந்தான்.

முதலில் அக்கா தைரியமாகத்தான் இருந்தாள். சாயங்காலம் மாட்டைப் பிடித்துக் கட்டும்போது, "மேகம் கட்டுது பாரு, வந்துடுவாரு" என்பாள். மழை வந்தது. அவன் வரவில்லை. பிறகு பொழுது சாயும் நேரத்தில் ரோட்டைப் பார்த்து உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொள்ள ஆரம்பித்தாள்.

சரசு எனக்குச் சொன்னது இது: "எனக்கு இருத்தலும் இரங்கலும் எப்பவும் குழம்பும்டி. அக்காவைப் பாத்துதான் தெளிஞ்சுது. வருவாருன்னு உக்காந்திருந்தா இருத்தல். வருவாரான்னு அழுதா இரங்கல். இவ கடலையே பாத்ததில்ல, நெய்தல்ல உக்காந்திருக்கா!"

அப்புறம் ஒரு விடியற்காலை லாரி வந்து நின்றது. சக்கரவர்த்தி தட்டத் தட்டத் திரௌபதி கதவைத் திறக்கவில்லை.

"வர்ற வழியில வேலூர்ல யார் வூட்டுல சோறு தின்னீங்களோ அங்கயே போங்க!"

"லாரி ஆக்ஸில் ஒடிஞ்சு போச்சு திரௌபதி, சத்தியமா."

"ஆக்ஸிலுக்குப் பேர் இன்னா? அதையும் சொல்லுங்க."

உள்ளே பாயில் படுத்திருந்த சரசு சட்டென்று எழுந்து உட்கார்ந்தாள். விடியற்காலை, வயல் பக்கம், மூடின கதவு. ஊடல். மருதம்! சித்திரையில் அவன் போனது பிரிதல், பாலை. ஒரே வீட்டில், ஒரே மலையடியில் நான்கு திணையும் வந்து போயிருக்கின்றன. பரீட்சையில் மலை என்றதும் அவள் அண்ணாமலையை நினைத்துவிட்டிருந்தாள். நிலமும் நேரமும் மேடைதான். அதன்மேல் நடப்பது இரண்டு பேர் கதை.

வெயில் ஏறியதும் கதவு திறந்தது. இட்லிக்கு மாவரைத்துக்கொண்டிருந்த அக்காவிடம் சரசு போய் உட்கார்ந்தாள்.

"யக்கா, சண்டைக்கு முன்னாடி காத்துட்டு இருந்தே. அதுக்கு முன்னாடி அவரு போனாரு. அவரு போறதுக்கு முன்னாடி இன்னா?"

"முன்னாடி இன்னா? ஒண்ணா இருந்தோம்."

"ஒண்ணான்னா?"

திரௌபதி மாவுக் கையாலேயே அவள் தலையில் குட்டினாள். "பரீட்சைக்குப் படிக்கிறியா, என் வாயைப் புடுங்கறியா?" காதுவரை சிவந்த முகத்தோடு சொன்னாள்: "சேர்ந்து இருந்தோம்டி, கழுதை."

சரசு புத்தகத்தை எடுத்து, ஒட்டிய தாளைத் தண்ணீர் தொட்டு மெதுவாக உரித்தாள். புணர்தல். சேர்தல். அவ்வளவுதான்.

அக்டோபர் தேர்வில் குறிஞ்சி வரவில்லை. பாலையை விளக்கச் சொன்னார்கள். பாலைக்கென்று தனி நிலம் கிடையாது, முல்லையும் குறிஞ்சியும் வேனிலில் மழையின்றிக் காய்ந்தால் அதுவே பாலை, பொழுது நண்பகல், உரிப்பொருள் பிரிதல் என்று தொடங்கி, இந்தத் தடவை மோர்ப்பானை இல்லாமல் எழுதி முடித்தாள். பாஸ்.

அப்பாதுரை வாக்கு மாறவில்லை. காசியைக் கூப்பிட்டு, அவள் ட்ரெய்னிங் முடிக்கட்டும், கல்யாணம் அப்புறம் என்றார். அவன் சைக்கிள் பெல்லைத் திருகினான்.

"ரெண்டு வருஷந்தானே? ஜாஸ்தி இல்ல மாமா. நான் இருக்கேன்."

உள்ளிருந்து சரசு சிரித்துவிட்டாள். "யம்மா, மாமா முல்லை!" என்று அவள் சொன்னது அங்கே யாருக்கும் புரியவில்லை. காசி மட்டும் பாராட்டு என்று நினைத்து முடியைக் கோதிக்கொண்டானாம்.

பயிற்சி முடிந்து, கல்யாணமும் முடிந்து, எண்பதுகளில் கீழ்பென்னாத்தூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் அவள் தமிழும் எடுத்தாள். ஒருமுறை ஊருக்கு வந்தபோது அவள் வகுப்பைப் பார்க்கப் போனேன். சுவரில் அவளே வண்ணம் தீட்டிய ஐந்திணை அட்டவணை. ஒரு கட்டமும் காலியாக இல்லை. தலைமையாசிரியர் சுப்பிரமணி அதன்முன் நின்று தொண்டையைச் செருமினார்.

"டீச்சர், அந்த ஒரு வார்த்தை மேல மட்டும் ஒரு தாள் ஒட்டிடலாமா? பிள்ளைங்க சிரிக்குதுங்க."

"சிரிச்சிட்டு எழுதிடுவாங்க சார்," என்றாள் சரசு. "தாளை ஒட்டினீங்கன்னா பக்தின்னு எழுதுவாங்க."

அவர் என்னைப் பார்த்தார். நான் குறிஞ்சிக் கட்டத்தைப் பார்த்தேன். தாள் ஒட்டப்படவில்லை.