கண்ணீர் அளவு உப்பு

வெள்ளகோவில் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் கயல்விழியின் மருந்துக்கடை. பக்கத்தில் என் ஜெராக்ஸ் கடை. பதினோரு வருடமாக நடுவில் ஒரே சுவர். மாத்திரை கேட்டு வருகிறவர்களிடம் அவள் போடும் சண்டை என் மெஷின் சத்தத்தையும் மீறிக் கேட்கும். "மருந்து விக்கறயா அம்மணி, விசாரணை நடத்தறயா?" என்று நானே சீண்டியிருக்கிறேன்.

காரணம் தெரிந்தபிறகு சீண்டுவதை விட்டுவிட்டேன். கடை திறந்த வருடம் தறிக்காரர் சுப்பையன் வந்து, மூன்று நாளாக வெளிக்குப் போகவில்லை, வயிறு வலிக்கிறது என்றார். குடலைச் சுருக்கித் தள்ளும் பேதி மாத்திரை இரண்டைக் கொடுத்து அனுப்பினாள். வாந்தி உண்டா, காற்றாவது பிரிகிறதா என்று கேட்கவில்லை. அவருக்குக் குடல் முறுக்கி அடைத்திருந்தது. அடைபட்ட குடலை மாத்திரை மேலும் நெருக்க, அது கிழிந்துவிட்டது. ஆசுபத்திரிக்குப் போன ஆள் வீடு திரும்பவில்லை. ஊரில் ஒருவரும் அவளைக் குறை சொல்லவில்லை. அவள்தான் தன்னை விடவில்லை.

போன சித்திரையில் ஒரு காலை, எண்ணெய் மில் பாலுசாமியின் கார் வந்து நின்றது. எங்கள் இரண்டு கடைக்கும் கட்டட உரிமையாளர் அவர்தான். பின்னால் உறவுக்கூட்டம் நிறைந்த வேன். கொடுமுடியில் பேத்தி நந்திதாவுக்குக் காது குத்து. தாய்மாமன் சீரோடு முன்னாலேயே போய்விட்டாராம்.

"அம்மணி, பாப்பாளுக்கு ராத்திரியிலிருந்து பேதி. நிக்கற மாத்திரை ஒண்ணு குடு. முகூர்த்தத்துக்குள்ள போயாகோணும்."

"பாப்பாளுக்கு வயசென்னங்கய்யா? காய்ச்சல் இருக்குதுங்களா? ரத்தம் போகுதுங்களா?"

அவர் முகம் சுளித்தார். காரிலிருந்து மருமகள் இளவேனில் குழந்தையோடு இறங்கினாள். "ஒன்றரை வயசுங்க. உடம்பு கொதிக்குது. விடிகாலைல சளியோட கொஞ்சம் செவப்பா போச்சுங்க" என்றாள்.

"அப்ப அந்த மாத்திரை கெடையாதுங்க. அது குடலோட ஓட்டத்தைத்தான் நிறுத்தும். உள்ள இருக்கற கிருமி வெளிய போகாம அங்கயே தங்கிப்போகும். இத்தனை சின்னக் குழந்தைக்குக் குடல் அப்படியே நின்னு வயிறு உப்பிரும்."

"நான் கேட்டுமா இல்லீங்கற?"

"ஆரு கேட்டாலும் இல்லீங்க."

மெஷினை நிறுத்திவிட்டு வாசலுக்கு வந்தேன். கட்டடமே அவருடையது! கயல்விழி அவர் பக்கம் திரும்பக்கூட இல்லை. குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நந்திதா வாயைப் பிளந்து அலறினாள். கண் குழிந்திருந்தது. ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை.

"அழுதும் கண்ணீரே வரலீங்க, உடம்புத் தண்ணி வத்திப்போச்சு. உப்புச் சர்க்கரைப் பொட்டலம் கரைச்சுக் குடுத்தீங்களா?"

"ராத்திரியெல்லாம் குடுத்தோமுங்க" என்று இளவேனில் ஒரு டம்ளரை நீட்டினாள். கயல்விழி விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள். அவள் முகம் மாறியது.

"ஒரு பொட்டலத்துக்கு எவ்வளவு தண்ணி ஊத்துனீங்க?"

"இந்த ஒரு டம்ளர்ங்க. ஒரு லிட்டரு எங்க குடிக்கப்போறா, கெட்டியா இருந்தா சத்துன்னு அத்தை சொன்னாங்க."

கயல்விழி அந்தத் தண்ணீரை அப்படியே சாக்கடையில் கொட்டினாள். "சர்க்கரை உப்பைக் கையப் புடிச்சுக் குடலுக்குள்ள கூட்டிட்டுப் போகும், பின்னாலயே தண்ணியும் போகும். அளவு சரியா இருந்தாத்தான் அது நடக்கும். இப்படிக் கெட்டியாக் குடுத்தா, உடம்புல இருக்கற தண்ணிய உப்பு வெளிய இழுத்துப்போடும். கண்ணீரை விட உப்புக் கரிக்கவே கூடாதுங்க. இனி பேதிய நிறுத்தறது நம்ம வேலையில்லீங்க. போன தண்ணிய ஈடு கட்டறதும், ஆசுபத்திரிக்குப் போறதுந்தான்."

"சீரெல்லாம் அங்க காத்துக் கெடக்குது அம்மணி!"

"சீர் காத்திருக்கும். பாப்பா காத்திருக்க மாட்டாளுங்க."

அளவுக் குவளையில் ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் பிடித்து ஒரு பொட்டலம் முழுவதையும் கரைத்தாள். குழந்தை கரண்டியை விடாமல் பற்றிக் குடித்தது. "குடிக்கறா, நல்லது. வாந்தி நிக்காம வந்தாலோ, கண்ணு சொருகுனாலோ இதுவும் உதவாது, டிரிப்ஸ்தான்." சொல்லிக்கொண்டே ஷட்டரை இழுத்து இறக்கிச் சாவியை என் மேசையில் வைத்தாள். "ஜெரோமண்ணா, பாத்துக்கங்க." கட்டட உரிமையாளரின் காரில் அவரைக் கேட்காமலே ஏறி உட்கார்ந்தாள். பாலுசாமி என்னைப் பார்த்தார். பிறகு டிரைவரிடம், "கவர்மெண்டு ஆசுபத்திரிக்கு உடுப்பா" என்றார். வேன் மட்டும் வழி தெரியாமல் அங்கேயே நின்றது.

சீதபேதி என்று சொல்லி மூன்று நாள் வைத்திருந்தார்கள். ரத்தத்தில் உப்பு ஏறியிருந்ததை மெல்ல மெல்ல இறக்கினார்களாம்.

வைகாசியில் அதே கொடுமுடியில் காது குத்து. எங்கள் இருவரையும் பாலுசாமியே வந்து அழைத்தார். மாமன் மடியில் நந்திதா. ஊசி இறங்கியதும் ஆறு வரைக்கும் கேட்கும்படி கத்தினாள். எல்லோரும் மிட்டாயை நீட்டிச் சமாதானம் செய்தார்கள். கயல்விழி மட்டும் என் கையைப் பிடித்து உலுக்கினாள்.

"அண்ணா, பாருங்க! கண்ணுல தண்ணி கொட்டுதுங்க!"

அவளுக்கும் கொட்டிக்கொண்டிருந்தது.