தினமும் ‘நல்லா இருக்கேன்’ என்று சொன்ன நோயாளி

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். நாங்கள் குடியிருப்பதோ லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாவது மாடி. இதைச் சொல்லிச் சிரிக்காத ஆளில்லை, அவரும் சேர்ந்து சிரிப்பார். கூட வேலை செய்கிறவர்கள் அவருக்கு வைத்த பெயர் ‘பரவால்ல அண்ணன்’. விரல் நசுங்கினாலும் பரவால்ல, சம்பளம் தள்ளிப்போனாலும் பரவால்ல. அந்த ஒரு வார்த்தையைக் கட்டிக்கொண்டுதான் இத்தனை வருஷம் குடித்தனம் நடத்துகிறேன்.

நிமோனியா வந்தபோதும் அதையேதான் சொன்னார். பக்கத்துத் தெரு டாக்டர் கொடுத்த மாத்திரைகளை முழுக்க விழுங்கியும் காய்ச்சல் இறங்கவில்லை. உதடு நீலம் பாரித்ததும், அவர் பேச்சைக் கேட்காமல் ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். ஆக்சிஜன், ஊசி மருந்து என்று ஒரு வாரம். தரைத்தள வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கச் சேர்த்துவைத்தது மொத்தமும் பில்லுக்குப் போனது. நுரையீரல் தேறும்வரை மாடிப்படி ஏறக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். பில்லை அனுப்பிக் கேட்டிருந்த இன்ஷூரன்ஸ் பணம் வந்தால்தான் வீடு மாற முடியும்.

வந்தது பணமில்லை, கடிதம். நோயாளி சௌகரியமாக இருந்ததாகப் பதிவுகள் காட்டுகின்றன, வீட்டிலிருந்தே சிகிச்சை பெற்றிருக்கலாம், ஆஸ்பத்திரியில் சேர்த்தது அவசியமில்லை, ஆகவே நிராகரிக்கிறோம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

என்ன பதிவு என்று பார்க்க ஆஸ்பத்திரி ரெக்கார்ட் ரூமில் மனு கொடுத்து, கேஸ் ஷீட் நகல் வாங்கினேன். நர்ஸ் குறிப்பில் தினமும் காலையில் ஒரே வரி: ‘நன்றாக இருப்பதாக நோயாளி சொல்கிறார். புகார் எதுவும் இல்லை.’ மூக்கில் குழாயோடு படுத்துக்கொண்டு சொன்ன மகராசன்.

“நர்ஸ் கேட்டா உண்மையச் சொல்ல வேண்டியதுதானே?” என்று கத்தினேன்.

“அந்தப் பொண்ணுக்கு ஆயிரம் வேலை. நம்ம வேற எதுக்கு?” என்றார்.

சிகிச்சை கொடுத்த டாக்டரிடம் கடிதம் கேட்டேன். நிமோனியாவுக்கு என்னிடம் சிகிச்சை பெற்றார் என்று இரண்டு வரி எழுதிக் கொடுத்தார். அதையும் டிஸ்சார்ஜ் சம்மரியையும் தூக்கிக்கொண்டு இன்ஷூரன்ஸ் ஆபீஸுக்குப் போனால், கவுண்டரில் இருந்த பெண் வாசித்துவிட்டுத் திருப்பித் தந்தாள்.

“வியாதி இருந்துச்சான்னு யாரும் கேக்கல மேடம். ஏன் அட்மிட் பண்ணியே ஆகணும்? டாக்டர் அதுக்குப் பதில் எழுதணும். இத வச்சு அப்பீல் போட்டா மறுபடியும் ரிஜெக்ட்தான் ஆகும்.”

அவள் சொன்னது நியாயம். அதனால்தான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

மறுபடியும் டாக்டர் அறை வாசலில் தவம். உள்ளே போனதும் நிராகரிப்புக் கடிதத்தை முதலில் நீட்டினேன். படித்தார், கேஸ் ஷீட்டைப் புரட்டினார், முகம் மாறியது.

“வந்தப்ப ஆக்சிஜன் வெறும் எண்பத்தாறும்மா. இது சம்மரியிலயே இல்லையே. வீட்டுக்குப் போற அன்னிக்கு இருந்த அளவ மட்டும் டைப் பண்ணி வச்சிருக்காங்க.”

நல்லாப் பண்ணினார்கள். சம்மரியைத் திருத்தி முத்திரை வைத்துக் கொடுத்தார்கள். டாக்டர் இம்முறை ஒரு பக்கம் எழுதினார். மாத்திரை பலிக்கவில்லை, செயற்கை ஆக்சிஜன் இல்லாமல் அளவு நிற்கவில்லை, ஊசி மருந்தை வீட்டில் பாதுகாப்பாகக் கொடுத்திருக்க முடியாது. கடைசியாக ஒரு வரி: ‘நோயாளி வாயால் சொன்னதை அளவீடுகளுக்கு மேலாக எடுத்துக்கொள்ளக் கூடாது.’ எல்லாவற்றையும் இணைத்து இன்ஷூரன்ஸ் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு அப்பீல் போட்டேன்.

ஒரு நாள் அங்கிருந்து ஒரு பெண் டாக்டர் ஃபோன் செய்தார். நோயாளியிடமே பேச வேண்டுமாம். ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு, ‘பரவால்லன்னு மட்டும் சொன்னீங்க...’ என்று கண்ணாலேயே மிரட்டினேன்.

“அட்மிட் ஆனப்ப எப்படி இருந்தீங்க?”

இவர் ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தார். “மூச்சே விட முடியலைங்க. செத்துடுவேன்னுதான் நெனச்சேன்.”

“ஆனா தினமும் நல்லா இருக்கேன்னு சொல்லியிருக்கீங்களே?”

“நர்ஸ் கேக்கறப்பல்லாம் இவ கட்டில் பக்கத்துலயே நின்னுட்டிருந்தா. அதான்.”

ஃபோனை அவர் பக்கம் இன்னும் நகர்த்தி வைத்தேன்.

“சரி. நீங்க சொல்றத வச்சு முடிவு பண்ண முடியாது,” என்றார் அந்த டாக்டர். “ஆனா ஆக்சிஜன் சார்ட்டும் உங்க டாக்டர் எழுதினதும் ஒத்துப்போகுது.”

அடுத்த வாரம் அப்பீல் ஏற்கப்பட்டது. கையுறை, முகக்கவசம் போன்றவற்றுக்கான பணத்தைப் பிடித்துக்கொண்டுதான் மீதியை அனுப்பினார்கள். அதற்கும் நான் சண்டை போடக் கிளம்பினேன், பரவால்ல விடு என்றார்.

வீடு பார்க்கப் போய்த் திரும்பிய அன்று இரண்டாவது மாடித் திருப்பத்தில் நின்றார். எப்படி இருக்கு என்று கேட்டேன். வழக்கமான பதிலுக்கு வாயைத் திறந்தவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு, “முடியலம்மா, கொஞ்சம் உக்காரலாம்,” என்றார்.

படியிலேயே உட்கார்ந்தோம்.