சேலைப் பெட்டியில் இருந்த இலக்கணம்

அரச வர்த்தமானி அறிவித்தலில் நான் வாசித்தது வயதெல்லைப் பந்தியை மட்டும்தான். முப்பதைத் தாண்டக் கூடாது என்று இருந்தது. எனக்கு முப்பது முடிய இன்னும் ஏழு வாரம். அரச அலுவலக வேலைக்கான முகாமைத்துவ உதவியாளர் பரீட்சைக்கு விண்ணப்பிக்க இதுதான் கடைசித் தடவை என்பது விளங்கியதுமே தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்துவிட்டேன்.

முந்திய தடவை மொழித்திறன் வினாத்தாளில் இலக்கணம்தான் என்னைக் கவிழ்த்தது. அந்த ரோசத்தில், புளியந்தீவுப் புத்தகக் கடையில் இருந்ததிலேயே தடித்த வழிகாட்டிப் புத்தகத்தைப் பார்த்து வாங்கினேன். இந்தியாவில் அச்சானது. கைபேசியில் பார்த்த வகுப்புகளும் அந்த நாட்டுப் பரீட்சைக்கானவை. பகலெல்லாம் புடவைக்கடையில் நின்ற கால் கடுக்க, வீட்டுக்குப் போய் வெண்பாவுக்குத் தளை பார்த்தேன். அணிகளின் பெயர்களைப் பாடமாக்கினேன். மூன்று நாள் படிப்பேன், நாலாம் நாள் புத்தகத்தின் மேலேயே தூங்கிவிடுவேன். இரண்டு மாதம் இப்படியே போனது.

என்னோடு சேலைப் பகுதியில் நிற்பவளும் அதே பரீட்சைக்குப் போட்டிருந்தாள். என்னைவிட மூன்று வயது இளையவள். செங்கலடியிலிருந்து இருவரும் ஒரே பஸ்ஸில்தான் வேலைக்கு வருவோம். ஒரு நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவள் கேட்டாள்:

"அக்கா, இந்தத் தளையெல்லாம் நமக்கு வருமா? பாடத்திட்டத்தில என்ன போட்டிருக்கு?"

"வயசு போட்டிருக்கு" என்றேன்.

"வயசில கேள்வி வராதுகா. மற்றதையும் வாசிங்க."

மடிப்பிலேயே கிழியத் தொடங்கியிருந்த தாளை விரித்தோம். கட்டுரை, கடிதம், பந்தியை வாசித்து விடையெழுதும் கிரகித்தல், சுருக்கம், எளிய இலக்கணம். அவ்வளவுதான். அவள் கொண்டுவந்திருந்த பழைய வினாத்தாள்களைப் புரட்டினோம். பிழையான வாக்கியத்தைத் திருத்து, இரண்டு வாக்கியங்களை ஒன்றாக்கு, செய்வினையைச் செயப்பாட்டு வினையாக்கு. வெண்பாவைத் தேடித் தேடிப் பார்த்தேன், மருந்துக்கும் இல்லை. இரண்டு மாதத்தை நினைத்து அழுகை வந்தது. இனி அதைப் படிக்கத் தேவையில்லை என்று நினைத்ததும் சிரிப்பும் வந்தது. அன்றைக்குச் சோறு ஒழுங்காக இறங்கியது.

பரீட்சைக்கு ஐந்து வாரம் இருந்தது. மூன்று மணித்தியாலம் குந்தியிருந்து படிக்க எங்கள் இருவருக்கும் ஏலாது என்பதை முதலில் ஒப்புக்கொண்டோம். காலை பஸ்ஸில் ஒரே ஒரு விதி, கடையில் அதற்குப் பயிற்சி, ஞாயிற்றுக்கிழமை மணிக்கூட்டை முன்னால் வைத்து ஒரு பழைய வினாத்தாள். பயிற்சிக்குச் சேலைக்குள் வரும் மட்டையை வெட்டினோம். பிழைவிட்ட வாக்கியம் முன்பக்கம், திருத்தம் பின்பக்கம். "புதிய பாலங்கள் கட்டப்பட்டது" என்று நான் எழுதிய மட்டை மட்டும் ஆறு தடவை திரும்பி வந்தது. சரியாகச் சொன்ன மட்டை மூன்று நாள் கழித்துத்தான் வரும், பிழைத்தது மறுநாளே வந்து நிற்கும்.

ஒரு நாள் கூறைச் சேலை வாங்கிப்போன அம்மா ஒருவர் திரும்பி வந்தார். கையில் என் பாலங்கள் மட்டை.

"புள்ள, சேலைக்குள்ள இது கிடந்திச்சு. பின்பக்கம் பாக்காமலே சொல்றன், 'கட்டப்பட்டன'ண்டுதானே வரோணும்?"

முதலாளி கல்லாவிலிருந்து என்னைப் பார்த்தார். வேலை போயிற்று என்றே நினைத்தேன். "இனி மறுகா சேலைக்குள்ள போகாமப் பாத்துக்கொள்ளு" என்றதோடு விட்டுவிட்டார். அந்தத் திருத்தம் அதற்குப் பிறகு எனக்கு மறக்கவேயில்லை.

பரீட்சை மண்டபத்தில் இலக்கணப் பகுதியைத் திறந்து முதலில் முழுவதையும் வாசித்தேன். தெரியாத கேள்விகளும் இருந்தன, ஆனால் அந்நியமாக ஒன்றும் இருக்கவில்லை. சில மாதம் கழித்து வந்த, நேர்முகப் பரீட்சைக்குத் தெரிவானவர்களின் பட்டியலில் என் பரீட்சைச் சுட்டெண் இருந்தது. கைபேசித் திரையில் விரலை வைத்து நாலு தரம் பார்த்தேன். பிறகு அவளுடைய எண்ணைத் தேடினேன். இல்லை.

மறுநாள் பஸ்ஸில் அவளுக்குப் பக்கத்தில் எப்படி இருக்கப்போகிறேன் என்று எனக்குப் பெரிய பயமாக இருந்தது. அவள்தானே என்னை அந்தத் தாளை விரிக்க வைத்தவள்? கொடுக்க வேறொன்றும் இல்லாமல் என் மட்டைகளைப் போட்டுவைத்த சேலைப் பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு போனேன். ஏறியதும் அவளிடம் நீட்டினேன். திறந்து இரண்டு மட்டைகளை எடுத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"உங்கட பிழையெல்லாம் எனக்கு என்னத்துக்குகா? என்ட பிழை வேற. அடுத்த தடவைக்கு எனக்கு வெறும் மட்டை வெட்டித் தாங்க."

பெட்டியை வாங்கி மூடிக் கைப்பைக்குள் வைத்தேன். அன்று கடை திறந்ததும் முதல் வேலையாகக் கத்தரிக்கோலை எடுத்தேன்.