அந்தந்த ஆண்டின் பதினெட்டு சதவீதம்

துறையில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. சேர்ந்த முதல் வாரமே ‘கண்டக்டரக்கா’ ஆகிவிட்டாள். ஒன்பது வருஷம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்தவள். அஞ்சல் வழியில் பட்டமும் மேல்பட்டமும் முடித்து, நுழைவுத் தேர்வு எழுதி, முப்பத்தாறு வயதில் ஆராய்ச்சி மாணவியாக வந்து உட்கார்ந்தவள். பஸ் நிறுத்தத்தில் நிற்கும் மனுஷர்கள் எத்தனை நிமிஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு ‘போதும்டா சாமி’ என்று நடையைக் கட்டுகிறார்கள் என்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. புருஷன் இன்னும் அதே கம்பெனியில் டிரைவர். “புது கண்டக்டர் விசில் அடிக்கறதுக்கே நாள் நட்சத்திரம் பார்க்கறான்” என்று வீட்டுக்கு வந்ததும் புலம்புவான். வேலையை விட்டுவிட்டு இதில் இறங்கியது உதவித்தொகை கிடைத்த தைரியத்தில்தான். அது நின்றால் படிப்பும் நின்றுவிடும்.

உதவித்தொகை இரண்டு பாகம். முதல் வருஷம் அடிப்படைத் தொகை இருபதாயிரம். வருஷா வருஷம் ஆய்வுக்குழு முன்னால் போய் நின்று, ‘முன்னேற்றம் திருப்தி’ என்று கையெழுத்து வாங்கிவிட்டால் அது ஐந்து சதவீதம் ஏறும். விடுதியில் தங்காமல் வெளியே வீடு எடுத்திருப்பவர்களுக்கு மேற்கொண்டு வீட்டு வாடகைப்படி பதினெட்டு சதவீதம். மாதக் கடைசியில் இரண்டும் சேர்ந்து ஒரே தொகையாக வங்கியில் விழும். எது எவ்வளவு என்று பிரித்துக் காட்டும் சீட்டு கிடையாது.

அதனால்தான் இரண்டாம் வருஷம் முழுக்க அவளுக்கு உறைக்கவில்லை. அந்த வருஷம் பாதி நாள் மகளுக்கு இருமல், மீதி நாள் நிறுத்தங்களில் கணக்கெடுப்பு. பணம் ஏறியிருக்கிறது என்று தெரிந்ததே போதுமாக இருந்தது.

மூன்றாம் வருஷம் ஆறாவது மாதம் வீட்டுக்காரர் வாடகையை ஏற்றினார். சமையலறை மேடையில் பேனாவோடு நின்றவள், எதற்கும் பார்ப்போமே என்று தன் பக்கத்தையும் எழுதினாள். அடிப்படை இருபத்திரண்டாயிரத்து ஐம்பது. அதில் பதினெட்டு சதவீதம் மூவாயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்பது. சேர்த்தால் இருபத்தாறாயிரத்துப் பத்தொன்பது வரவேண்டும். வந்திருந்ததோ இருபத்தையாயிரத்து அறுநூற்றைம்பது.

“முன்னூத்தி அறுபத்தொன்பது குறையுதுங்க” என்றாள்.

“உன் கணக்குல எங்கயாச்சும் இடிச்சிருக்கும்” என்றான் டிரைவர்.

“என் கணக்கா? ஒன்பது வருஷத்துல ஒரு நாள் பையில காசு குறைஞ்சிருக்கா சொல்லுங்க.”

மறுபடி போட்டாள். வீட்டு வாடகைப்படி மட்டும் முதல் வருஷத்து மூவாயிரத்து அறுநூறிலேயே ஆணியடித்த மாதிரி நிற்கிறது. அடிப்படை ஏறியிருக்கிறது, அதன் மேல் போடவேண்டிய சதவீதம் ஏறவில்லை.

மறுநாள் காலை உதவித்தொகைப் பிரிவு. இரண்டு மேஜைகளுக்கு நடுவே கோப்புகளால் வேலி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த எழுத்தர் ஓய்வுபெற இன்னும் ஒன்றரை வருஷம் பாக்கி உள்ளவர். அவள் நீட்டிய தாளைத் தள்ளி வைத்துப் பார்த்தார், பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

“வீட்டு வாடகைப்படி சேரும்போதே நிர்ணயம் பண்ணிடறதும்மா. அது கடைசிவரைக்கும் அப்படியேதான்.”

“அப்படி எங்க சார் எழுதியிருக்கு?”

“எழுதணுமா? எனக்குத் தெரிஞ்ச நாள்லேருந்து அதான் வழக்கம்.”

“எனக்குக் குடுத்த ஆணையில வேற மாதிரி இருக்கே சார்.” பையிலிருந்து நியமன ஆணையை எடுத்து விரலை வைத்துப் படித்தாள். “‘அந்தந்த ஆண்டில் வழங்கப்படும் அடிப்படைத் தொகையில் பதினெட்டு சதவீதம்.’ அந்தந்த ஆண்டுன்னா முதல் ஆண்டு மட்டுமா?”

எழுத்தர் கண்ணாடியைக் கழற்றினார். “முன்னூத்திச் சொச்சத்துக்காக இவ்வளவு தூரம் படியேறி வந்தியா?”

“சொச்சம்தான் சார். ஆனா என் சொச்சம்.”

அவர் கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினார், வாயை அடைத்துவிடலாம் என்று. அதுதான் அவர் செய்த தப்பு. அடிப்படைத் தொகைப் பத்தியில் கணக்கு தானாக ஓடியது. பக்கத்துப் பத்தியில், வாடகைப்படியில், யாரோ கையால் தட்டிய வெறும் எண். மேலே இருந்து கீழே வரைக்கும் அதே மூவாயிரத்து அறுநூறு. முதல் வருஷத்துக்காரருக்கும் அதே, நான்காம் வருஷத்துக்காரருக்கும் அதே. வெளியே தங்கியிருக்கும் நாற்பத்தொரு பேர். இது அவள் ஒருத்தியின் சமாச்சாரம் இல்லை.

“எழுதிக் குடு. முறையா வந்தா பார்க்கலாம்” என்று திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார் எழுத்தர்.

முறை என்றால் வழிகாட்டியின் கையெழுத்து, துறைத்தலைவரின் கையெழுத்து, அப்புறம்தான் நிதிப் பிரிவு. வழிகாட்டிப் பேராசிரியை மனுவை இரண்டு தடவை படித்தார். “ஆய்வறிக்கை இரண்டாம் அத்தியாயத்த இவ்வளவு தெளிவா எழுதியிருந்தா எனக்கு எவ்வளவு நல்லா இருந்திருக்கும்” என்று சொல்லிக்கொண்டே கையெழுத்துப் போட்டார். “சண்டை போடு. ஆனா கணக்கெடுப்பு ஒரு நாள்கூட தள்ளிப்போகக் கூடாது.”

ஆய்வறையில் பக்கத்து மேஜைக்காரன் நெட்டையன் அவளுக்குத் தம்பி மாதிரி. அவள் வரைபடங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுப்பவனும் அவன்தான். மனுவை நீட்டி, “நீயும் வெளியிலதானே இருக்க, கையெழுத்துப் போடு” என்றாள்.

அவன் முகம் ஒரு மாதிரி போனது. “வேணாங்க்கா. தூங்கற சிங்கத்த எதுக்கு எழுப்பணும்?”

“சிங்கமா? அது ஒரு எழுத்தர்டா.”

அவன் சிரிக்கவில்லை. மற்றவர்களில் பதினோரு பேர் போட்டார்கள். மனு போனது.

மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது, நாற்பத்தொரு பேருக்கும். வாடகைப்படி பற்றிக் கேள்வி எழுந்திருப்பதால் எல்லோருடைய தகுதியும் மறுபரிசீலனை செய்யப்படுகிறது. விடுதியில் இடம் இல்லை என்ற காப்பாளரின் சான்றிதழும், வீட்டு வாடகை ஒப்பந்தமும் தரவேண்டும். அதுவரை படி நிறுத்தி வைக்கப்படும்.

ஆய்வறையில் ஒருவரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கையெழுத்துப் போட்ட பதினோரு பேரில் ஏழு பேர் அன்றைக்கே பின்வாங்கிக் கடிதம் கொடுத்தார்கள். அவள் கேட்டது முன்னூற்று அறுபத்தொன்பது. கையில் இருந்த மூவாயிரத்து அறுநூறும் போய்விட்டது.

“பேசாம இருந்திருக்கலாமோ?” என்றான் டிரைவர், சாப்பிட்ட தட்டைக் கழுவிக்கொண்டே.

“இருந்திருக்கலாம்தான்.”

“சரி, இந்த மாசம் நான் ரெண்டு டிரிப் சேர்த்து ஓட்டறேன். நீ விடாத.”

“அதான் சொல்லுவீங்கன்னு தெரியும்.”

“தெரிஞ்சுமா மூஞ்ச இப்படி வெச்சிருக்க?”

விடுதிக் காப்பாளரின் அறைக்கு மூன்று முறை நடந்தாள். முதல் முறை அவர் கூட்டத்தில் இருந்தார். இரண்டாம் முறை, “பெண்கள் விடுதியில ஆறு ரூம் காலியா இருக்கே, இடம் இல்லைன்னு எப்படி எழுதறது?” என்றார். சொல்வது நியாயம்தான், பொய் எழுதச் சொல்ல முடியாது. வீட்டுக்கு வந்து விதிப்புத்தகத்தை முதலிலிருந்து படித்தாள். குடும்பத்தோடு இருப்பவருக்குக் குடும்பக் குடியிருப்பு கொடுக்க முடியாவிட்டால் வாடகைப்படிக்கு அவர் தகுதியானவர் என்று ஒரு வரி உள்ளே ஒளிந்திருந்தது. மூன்றாம் முறை அந்தப் பக்கத்தைப் பிரித்து வைத்தாள்.

“காலி ரூம் இருக்குன்னே எழுதுங்க சார். அதுல புருஷனையும் ஏழு வயசுப் பொண்ணையும் வெச்சுக்க விடுவீங்களா?”

“பெண்கள் விடுதியில புருஷனா!”

“அப்ப குடும்பக் குடியிருப்பு இல்லைன்னு எழுதுங்க. உள்ளத உள்ளபடி.”

அவர் சிரித்துவிட்டு எழுதிக் கொடுத்தார்.

சான்றிதழையும் ஒப்பந்தத்தையும் கையில் பிடித்துக்கொண்டு நேராக நிதி அலுவலரிடம் போனாள். அவளைவிடச் சின்னவள், பேச்சில் சிக்கனம். ஆணையில் ‘அந்தந்த ஆண்டில்’ என்ற இடத்தில் பென்சிலால் கோடிட்டாள். எழுத்தரைக் கூப்பிட்டு, “இந்தப் பத்திய யார் தட்டினது?” என்றாள்.

எழுத்தர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஒன்றரை வருஷம் பாக்கி உள்ள மனுஷன். கண்டக்டரக்காவுக்கு அந்த நிமிஷம் அவர்மேல் கோபம் வரவில்லை.

“யாரு தட்டினாங்கன்னு எனக்குத் தெரிய வேணாம் மேடம். எண்ணுக்குப் பதிலா கணக்கப் போட்டா போதும். அடுத்த வருஷம் அதுவா ஏறிக்கும்.”

நிதி அலுவலர் நிமிர்ந்து பார்த்தாள். “உங்களுக்கு மட்டும் திருத்தினாப் போதுமா?”

“நாப்பத்தொரு பேருக்கும் ஒரே பத்திதானே மேடம்?”

எட்டாவது மாதம் உத்தரவு வந்தது. படி இனி அந்தந்த வருஷத்து அடிப்படையில். நிறுத்தி வைத்த ஒரு மாதப் படி தனியாக வந்தது. பழைய பாக்கியும் வந்தது: இரண்டாம் வருஷத்துக்கு மாதம் நூற்றெண்பது வீதம், இந்த வருஷத்து ஏழு மாதத்துக்கு முன்னூற்று அறுபத்தொன்பது வீதம், ஆக நாலாயிரத்து எழுநூற்று நாற்பத்து மூன்று. பின்வாங்கிய ஏழு பேருக்கும் பாக்கி வந்தது. அதில் ஒருத்தி ஒரு பொட்டலம் பிஸ்கட் கொண்டுவந்து மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாள்.

நெட்டையனுக்கு வரவில்லை. சித்தப்பா வீட்டு விலாசத்தில் வாடகை ரசீது காட்டிவிட்டு, அவன் பதினாலு மாதமாக விடுதியில் சிநேகிதன் அறையில்தான் படுத்திருக்கிறான். மறுபரிசீலனையில் அது வெளியே வந்தது. வாங்கியதை எல்லாம் மாதாமாதம் பிடித்தம் செய்ய உத்தரவு. அவன் தன் மேஜையை ஜன்னல் பக்கம் நகர்த்திக்கொண்டான்.

இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு அவளே போனாள். “எங்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாமே.”

“சொல்லியிருந்தா மனு குடுக்காம இருந்திருப்பீங்களா?”

அவள் யோசித்தாள். பொய் சொல்லியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். “குடுத்திருப்பேன். ஆனா உன்னையும் இழுத்துக்கிட்டுப் போய் முன்கூட்டியே ஒத்துக்க வெச்சிருப்பேன்.”

“எங்க அப்பாவுக்குக் காசு அனுப்பிட்டிருந்தேங்க்கா.”

“தெரியாதுடா.” பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். “பிடித்தத்த சின்னத் தவணையா பிரிச்சுக் கேக்கலாம். விதியில இடம் இருக்கு. மனு நான் எழுதித் தரேன், கையெழுத்து உன்னுது.”

இரண்டு நாள் கழித்து, ஜன்னல் பக்கத்திலிருந்தே, “அந்த மனுவ எழுதிட்டீங்களா?” என்று மட்டும் கேட்டான். எழுதியிருந்தாள். தவணை இருபத்தெட்டாகப் பிரிந்தது. மேஜை மட்டும் ஜன்னல் பக்கமே இருந்தது.

அந்த வருஷ முடிவில் ஆய்வுக்குழு முன்னால் நின்றபோது, நாலு நிறுத்தங்களில் ஒரு வருஷம் எண்ணிய ஆட்களின் கணக்கு அவள் கையில் முழுசாக இருந்தது, ஒரு நாள்கூட விடுபடாமல். ‘முன்னேற்றம் திருப்தி’ என்று மூன்று கையெழுத்து விழுந்தது. நான்காம் வருஷத்து முதல் தொகை வந்த அன்று, அடிப்படையும் படியும் தனித்தனியாகப் போட்ட சீட்டு ஒன்று மேஜைக்கு வந்தது. அடிப்படையைப் பதினெட்டு சதவீதத்தால் பெருக்கிப் படியைச் சரிபார்த்தாள். சரியாக இருந்தது. சீட்டைக் கோப்பில் செருகிவிட்டு மூன்றாம் அத்தியாயத்தைத் திறந்தாள்.