போய்ட்டு வரதுக்கு ஒரு பேங்க் சீலு

பொண்டாட்டி மேல பொறாமப்பட்ட ஆம்பளைங்க ஊர்ல எத்தினியோ பேரு இருப்பாங்க. ஆனா அந்தப் பொறாமைய இங்கிலீஷ்ல எயுதி, கீய அவளையே கையெயுத்து போட வெச்சு, அவ கையாலயே பேங்க்ல குடுக்க வெச்ச முட்டாளு நான் ஒருத்தனாதான் இருப்பேன்.

எம்பொண்ணு ஜெர்மனில ஹாம்பர்க்ல கீறா. மாப்ளைக்கு அங்க வேல. அவ முயுவாம இருக்கான்னு சேதி வந்ததுலேர்ந்து வூட்ல ஒரே சந்தோஷம். ஒரு நாள் வீடியோ கால்ல வந்தா. "மா, பிரசவத்துக்கு நீ வந்து மூணு மாசம் கூட இரு"ன்னா. நான் பக்கத்துலதான் குந்திகினு இருந்தேன். என் மூஞ்சி பாதி போன்ல தெரியுது. அந்த பாதி மூஞ்சியப் பாத்து சொல்றா, "நைனா, நீ வூட்ட பாத்துக்கோ."

வூட்ட இன்னாத்த பாக்கறது? திருவொத்தியூர்ல இத்தினி வருசமா அதே எடத்துலதான் நிக்குது.

எனுக்கு இன்னா வயித்தெரிச்சல்னா, நான் கன்டெய்னர் டிரைலர் ஓட்றவன். ஹார்பர் கேட்டு லைன்ல நின்னு நின்னே தல நரச்சவன். நான் கொண்டு போய் வுட்ட பொட்டிங்க எத்தினியோ ஹாம்பர்க் போயிருக்கு. லோடு பேப்பர்ல அந்த ஊர் பேர பாத்து பாத்து, ஏதோ சொந்தக்கார ஊரு மாதிரி ஆயிடுச்சு. பொட்டி உள்ள போவும், நான் காலி வண்டிய திருப்பிகினு எண்ணூர் ரோட்ல வந்துடுவேன். இப்ப கருவாடு விக்கற எம்பொண்டாட்டி அந்த ஊருக்கு பிளேன்ல போறா. நான் அப்பயும் கேட்டோட சரி.

விசாவுக்கு இன்னின்ன பேப்பர் வேணும்னு பொண்ணு வாட்ஸப்ல அனுப்பிச்சா. அதுல ஒண்ணு, அம்மாவோட பேங்க் ஸ்டேட்மெண்ட். போன்ல எறக்கிக்கிற காப்பி செல்லாது, பாஸ்புக்கும் செல்லாது. பேங்க்ல பிரிண்ட் எடுத்து, ஒவ்வொரு பக்கத்துலயும் சீல் அடிச்சு, ஆபீசர் கையெயுத்து வாங்கணும். கீய வாய்ஸ் மெசேஜ் வேற: "பேங்குக்கு ஒரு லெட்டர் குடுக்கணும் மா. அக்கவுண்ட் நம்பரு, எந்த தேதிலேர்ந்து எந்த தேதி வரிக்கும் வேணும், எதுக்கு வேணும், இத மூணும் போடணும். நைனாவ எயுத சொல்லு."

பிளேன்ல போக அம்மா, லெட்டர் எயுத நைனா.

வியாயக்கெயம சாயங்காலம் எயுத குந்தினேன். திங்கக்கெயம காலைல விசா சென்டர்ல அப்பாயின்ட்மெண்ட். நடுவுல ரெண்டாவது சனி, அப்பறம் ஞாயிறு. வெள்ளிக்கெயமைய வுட்டா பேங்கு கெடையாது. அக்கவுண்ட் நம்பர் போட்டேன். கடைசி மூணு மாசத்துக்கு தேதி போட்டேன். எதுக்குன்ற எடத்துக்கு வந்தப்ப நிமுந்து பாத்தா, இவ எதுத்த வூட்டுக்காரம்மா குடுத்த ஸ்வெட்டர மாட்டிகினு கண்ணாடி முன்னால நிக்கறா. நம்ப ஊரு வெயிலுக்கு ஃபேனே அனல்காத்து வுடுது. வேத்து ஒயுவுது, ஆனா மூஞ்சில ஒரு களை.

"எப்டி கீது?"ன்னா.

"கரடி மாதிரி கீது"ன்னேன்.

"குளுருக்கு கரடிதான்யா சரி"ன்னு திரும்ப கண்ணாடிய பாத்துகினா.

நான் குனிஞ்சு மிச்சத்த எயுதி முடிச்சேன். அவ தமிய்ல கையெயுத்து போட்டா. படிச்சு காட்டுன்னு கேக்கல. நானும் காட்டல.

மறுநாள் டோல்கேட் பக்கத்துல இருக்கற பேங்குக்கு போனோம். கவுண்டர்ல ஒரு சின்ன வயசு ஆபீசர் பொண்ணு. ஆதார் காப்பி வாங்கிச்சு, கையெயுத்த கம்ப்யூட்டர்ல இருக்கறதோட ஒத்து பாத்துச்சு. சார்ஜ் கணக்குலேர்ந்து புடிச்சுக்குவோம்னு சொல்லிச்சு. அப்பறம் லெட்டர படிச்சுகினே வந்து ஒரு எடத்துல நின்னுடுச்சு.

"அம்மா, ஜெர்மனிலயே செட்டில் ஆகப் போறீங்களா?"

இவ சிரிச்சா. "இன்னாம்மா நீ, எம்பொண்ணுக்கு பிரசவம் பாக்க போறேன். நான் அங்க தங்கிட்டா இங்க கருவாடு யாரு விப்பா?"

"இதுல மகளோட நிரந்தரமா தங்கப் போறேன்னு இல்ல இருக்கு."

இவ சிரிப்பு அப்டியே நின்னுச்சு.

அந்த பொண்ணு பொறுமையா சொல்லிச்சு: "வெளிநாட்டுலயே தங்கறவங்கன்னா இந்த சேவிங்ஸ் கணக்க இப்டியே வெச்சுக்க முடியாதும்மா, என்ஆர்ஓ கணக்கா மாத்தணும், அது வேற ஃபார்ம். அத வுடுங்க. நீங்க எழுதிக் குடுக்கற காரணத்ததான் ஸ்டேட்மெண்ட்டுக்கு மேல வைக்கற எங்க லெட்டர்லயும் போடுவோம். மூணு மாச விசா கேட்டுட்டு, தங்கப் போறேன்னு பேப்பர் குடுத்தா, எப்டி விசா தருவாங்க?"

இவ மெதுவா எம்பக்கம் திரும்பினா. "இன்னாய்யா எயுதின?"

"கை தவறிடுச்சு மே."

"ஒரு எயுத்து தவறும். முயு லைனா தவறும்?"

எயுதறப்ப தப்புன்னே தோணலன்றதுதான் நெசம். ஸ்வெட்டர் போட்டவ இனிமே எங்க திரும்பி வரப் போறான்னு மனசுல ஓடிச்சு, அது அப்டியே கைல எறங்கிடுச்சு.

"மேனேஜர் மூணு மணிக்கு மீட்டிங் போயிடுவாரு. அதுக்குள்ள வேற லெட்டர் குடுங்க"ன்னு அந்த பொண்ணு பிரிண்டர்லேர்ந்து ஒரு வெள்ள பேப்பர் உருவி குடுத்துச்சு. நான் பேனாவ தொறந்ததும், "தமிழ்லயே எழுதலாம் சார்"னு சேத்து சொல்லிச்சு. என் இங்கிலீஷுக்கு அவ்ளோதான் மரியாத.

இந்த தடவ அவ சொல்ல சொல்ல நான் எயுதினேன். பக்கத்துல டோக்கன் வெச்சுகினு நின்ன பெருசு ஒண்ணு காத தீட்டிகினு கேக்குது.

"எம்பொண்ணு பிரசவத்துக்கு கூட இருந்து பாத்துக்க, விசாவுக்கு. அப்டி போடு."

போட்டேன்.

"மூணு மாசத்துல திரும்பி வரதுக்கு. அதயும் போடு."

"அது வேணாம் மே, விசாவுக்குன்னாலே போதும்."

"பேங்குக்கு வேணாம். நீ எயுது."

எயுதினேன். கையெயுத்து போடறதுக்கு முன்னால ஒவ்வொரு வார்த்தையா வெரல் வெச்சு படிச்சா. நான் ஸ்கூல் புள்ள மாதிரி நின்னேன்.

ஸ்டேட்மெண்ட் பிரிண்ட் ஆயி வந்துச்சு. எட்டிப் பாத்தேன். பக்கம் பூரா இவளுக்கு பணம் வந்துகினே கீது. மெஸ்ஸுக்காரன், ஓட்டலுக்காரன், யாரு யாரோ போன்லயே போட்டிருக்கான். எம்பேரு ஒரே எடத்துலதான் இருந்துச்சு, அதுவும் பணம் போன பக்கம். டீ செலவுக்கு நான் கேட்டு அவ அனுப்பிச்சது. ஜெர்மனிக்காரன் இத படிக்கப் போறான்.

மேனேஜர் ரூம்லேர்ந்து டொம்மு டொம்முன்னு சத்தம். பக்கத்துக்கு பக்கம் சீலு வுயுது. எனுக்கு அந்த சத்தம் தெரியும். கன்டெய்னர்ல சீல் இல்லன்னா கேட்டுல திருப்பி அனுப்பிடுவான், சீல் வுயுந்துச்சுன்னா பொட்டி கெளம்பிடுச்சுன்னு அர்த்தம். இவளும் கெளம்பிட்டா.

வெளிய வந்து ஷேர் ஆட்டோவுக்கு நின்னோம். கவர நெஞ்சோட புடிச்சுகினு இருந்தா. நானே வாய தொறந்தேன். "என்னையும் ஒரு வார்த்த கூப்ட்டிருக்கலாம் இல்ல. வரேனோ இல்லியோ. கூப்ட்டிருக்கலாம்."

"ஒன்ன கூப்டலாமான்னு பொண்ணு என்னாண்ட கேட்டா. நான்தான் வேணாம்னேன்."

"ஏன்?"

ஆட்டோ வந்து நின்னுச்சு. மொதல்ல கவர உள்ள வெச்சுட்டு, ஏறி குந்திகினு சொன்னா:

"நான் ஒரு கொயந்தைய பாத்துக்கதான்யா போறேன். நீ வந்தா ரெண்டு."